வாயால் மூச்சு விட்டால் முகம் நீளுமா?

வாய் திறந்து தூங்கும் குழந்தைக்கு முகம் நீண்டுவிடும், தாடை உள்வாங்கிவிடும் என்று அடித்துச் சொல்கிறவர்கள் பலர் சாட்சிக்கு அழைப்பது குரங்குகளைத்தான்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பல் சீரமைப்பு ஆய்வாளர் ஈகில் ஹார்வோல்ட், வளரும் வயதிலிருந்த ரீசஸ் குரங்குகளின் மூக்கை சிலிக்கோன் கொண்டு அடைத்தார். முடிவுகள் 1981இல் வெளியாகின. வாயால் மூச்சு விடப் பழகிய குரங்குகளுக்குத் தாடையும் பல்வரிசையும் மாறித்தான் போயின. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே முகம் வந்துவிடவில்லை. ஒன்று கீழ்த்தாடையைத் தொங்கவிட்டே வைத்திருந்தது, இன்னொன்று நாக்கை முன்னால் நீட்டியது, வேறு சில மூச்சுக்கு மூச்சு தாடையை அசைத்தன. எது எப்படிச் சமாளித்ததோ அதற்கேற்ப அதன் பல்லும் எலும்பும் வளர்ந்தன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் குரங்குகளுக்கு மூக்கு முழுக்க அடைபட்டிருந்தது. குழந்தைகளுக்கு அப்படி அடைபடுவது மிக அரிது. சளி, ஒவ்வாமை, மூக்கின் பின்புறம் வளரும் அடினாய்டு சதை என்று எது இருந்தாலும் கொஞ்சம் காற்று மூக்கு வழியாகவும் போய்க்கொண்டுதான் இருக்கும்.

குழந்தைகளிடம் நேரடியாகப் பார்த்தவர் ஸ்வீடனின் ஸ்டென் லிண்டர்-ஆரன்சன். அடினாய்டு பெருத்த குழந்தைகளின் முகம் மற்றவர்களைவிடச் சற்று நீளமாகவும் மேல் பல்வளைவு குறுகலாகவும் இருந்ததை 1970இல் அவர் பதிவு செய்தார். சதையை அகற்றி மூக்கால் மூச்சு விடத் தொடங்கியவர்களிடம் மாற்றம் ஓரளவு திரும்பியது. தொடர்பு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் வித்தியாசம் சராசரியில் சில மில்லிமீட்டர்தான். நீள முகமுள்ள பிள்ளைகளில் பலருக்கு மூக்கில் அடைப்பே இல்லை என்பதைப் பின்னாளில் காற்றோட்டத்தைக் கருவியால் அளந்த ஆய்வுகள் காட்டின. அப்பா அம்மாவிடமிருந்து வரும் முகவாகின் பங்கு பெரிது.

உதடு பிரிந்திருந்தாலே வாய் மூச்சு என்று முடிவுகட்டுவதும் தவறு. மேலுதடு குட்டையாக இருந்தால் வாய் லேசாகத் திறந்திருக்கும், மூச்சு மூக்கு வழியாகவே போகும். மருத்துவர் குளிர்ந்த சிறு கண்ணாடியை மூக்கின் கீழே பிடிப்பார். மூக்கிலிருந்து காற்று வந்தால் அதில் ஆவி படியும்.

நாக்கை அண்ணத்தில் ஒட்டிவைத்தால் தாடை எடுப்பாகும் என்ற ‘மியூவிங்’ பயிற்சிக்கு ஆதாரம் மிக மெலிது என்கிறது அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம். தூங்கும்போது வாயில் டேப் ஒட்டுவது அதைவிட மோசம். மூக்கு அடைத்த குழந்தைக்கு அது இருக்கிற ஒரே வழியையும் மூடிவிடும்.

குழந்தை தினமும் குறட்டை விட்டால், தூக்கத்தில் மூச்சு நின்று திணறினால், பகலில் சோர்ந்து கிடந்தால் முதலில் பார்க்க வேண்டியவர் காது மூக்கு தொண்டை மருத்துவர். அப்போதும் உடனே கத்தி வேண்டியதில்லை. தூக்கத்தில் மூச்சுத் தடை இருந்த 5 முதல் 9 வயதுக் குழந்தைகளிடம் அமெரிக்காவில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், அறுவை செய்யாமல் காத்திருந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஏழு மாதத்தில் சோதனை முடிவு தானாகவே சீரானது. டான்சிலும் அடினாய்டும் அகற்றப்பட்டவர்களில் அது 79 சதவீதம்.