எந்த முகவரியை மறைக்கலாம்?

எங்கள் பெண்கள் சங்கத்தின் மின்னஞ்சல்களை நானே அனுப்புகிறேன். உதவி பெறும் சகோதரிகள் பலருக்கு ஒரே அறிவித்தல் போகும்போது To கட்டத்தில் சங்கத்தின் முகவரியை மட்டும் இடுவேன். சகோதரிகளின் முகவரிகளை Bcc கட்டத்தில் இடுவேன். அப்போது ஒருவரின் முகவரி மற்றவருக்குத் தெரியாது.

2021 செப்ரெம்பரில் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு, ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேற உதவி நாடியிருந்தவர்களுக்கு அனுப்பிய கடிதங்களில் இதைச் செய்யத் தவறியது. 265 பேரின் முகவரிகள் வெளிப்பட்டன. பெற்றவர்களில் ஒருவர் எல்லோருக்கும் பதில் அனுப்பியபோது தம் இருப்பிடத்தையும் சொல்லிவிட்டார். தலிபான்களின் கையில் அது கிடைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. 2023 டிசெம்பரில் அமைச்சுக்கு 350,000 பவுண் தண்டம் விதிக்கப்பட்டது.

உடன் வேலை செய்யும் பெண்ணின் கணக்கில் பிழை இருப்பதாக அவருக்கு எழுதும்போது, தலைவியின் முகவரியை Bcc இல் ஒளிப்பது வேறு விடயம். இருவருக்குள் பேசுவதாகவே அவர் எண்ணுவார். தலைவி தவறுதலாக Reply all அழுத்தினால் உண்மை வெளிவரும். அதன்பின் நாம் எழுதும் எந்தக் கடிதத்தையும் அவர் நம்பமாட்டார். தலைவி அறியவேண்டியதாயின் Cc இல் இடுங்கள். கடிதத்திலும் அதைச் சொல்லிவிடுங்கள்.