அழகுக்கலைஞரின் சுயவிபரக்கோவை

அழகுக்கலை பயின்ற கிராமத்து யுவதிகள் நகரத்து அழகு நிலையங்களில் வேலை கேட்டு விண்ணப்பிக்கும்போது, அவர்களது சுயவிபரக்கோவையில் பெயர், பிறந்த திகதி, க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் ஆகியன ஒழுங்காக இருக்கும். தொழிலைப் பற்றியோ இரண்டு வரிதான் இருக்கும். நிலைய உரிமையாளர் அறிய விரும்புவது ஒன்றே: இவரை நம்பி என் வாடிக்கையாளரை ஒப்படைக்கலாமா? அந்தக் கேள்விக்குத் தாளிலேயே விடை இருக்கவேண்டும்.

வவுனியாவை அண்டிய கிராமமொன்றில் வீட்டின் முன்னறையில் மூன்று வருடங்கள் தொழில் செய்த ஒரு யுவதியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். “எல்லாவிதமான அழகுக்கலைச் சேவைகளும் தெரியும். வாடிக்கையாளர் பலர் உண்டு. சுத்தம் பேணப்படும்.” இவ்வளவே அவர் முதலில் எழுதியது. இம்மூன்று வசனங்களையும் ஒவ்வொன்றாகத் திருத்துவோம்.

முதலாவது, சான்றிதழும் சேவையும். பயிற்சியின் பெயர், நிறுவனம், காலம், முடித்த வருடம் என்பவற்றைச் சான்றிதழில் உள்ளவாறே எழுதவேண்டும். தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் இருப்பின் அதன் மட்டத்தையும் குறிப்பிடவேண்டும். இரண்டு நாள் செயலமர்வில் பெற்ற தாளை ஆறு மாதப் பயிற்சிச் சான்றிதழுடன் கலக்காமல் தனியே போடுவது நல்லது. கைப்பழக்கம் இருந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள், முன்னர் கற்றதை மதிப்பிட்டுத் தகைமை வழங்கும் முறையின் கீழ் நைற்றா நிறுவனத்திடம் விண்ணப்பிக்கலாம். சேவைகளை இரண்டாகப் பிரிக்கவேண்டும். புருவம் திருத்தல், பேஷியல், முடி வெட்டுதல் ஆகியன அவர் தனித்துச் செய்பவை. முடிக்குச் சாயமிடுதல் இன்னொருவருக்கு உதவியாக நின்று பழகியது. இதை மறைத்தால், முதல் வாரத்திலேயே ஒருவரின் தலையில் அது வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவது, திரும்பி வரும் வாடிக்கையாளர். இந்த யுவதியிடம் ஒரு கொப்பி இருந்தது. வந்தவர் பெயர், திகதி, செய்த வேலை என்பவற்றை அதில் குறித்து வைத்திருந்தார். அதைப் புரட்டி எண்ணியபோது, மூன்று மாதங்களில் புருவம் திருத்த வந்த 40 பேரில் 26 பேர் மீண்டும் வந்திருந்தனர். புருவம் மூன்று, நான்கு வாரங்களில் வளர்ந்துவிடுவதால் இக்கணக்கில் பொருள் உண்டு. மணப்பெண் அலங்காரத்துக்கு அதே கணக்கு ஒவ்வாது. மணப்பெண் மறுமுறை வரமாட்டார். அங்கே, முன்னர் அலங்கரித்த ஒருவர் சொல்லி வந்தவர் எத்தனை பேர் என்று எழுதவேண்டும்: 9 பேரில் 5 பேர். ஊரில் வேறு அழகு நிலையம் இல்லையென்றால் திரும்பி வருவோர் தொகை அவ்வளவாக எதையும் நிரூபிக்காது. உரிமையாளர் அதைக் கேட்பார், நேராகச் சொல்லிவிடவேண்டும். வாடிக்கையாளரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் தாளில் போடக்கூடாது. சம்மதம் தந்த இருவரின் விபரத்தை, கேட்கும்போது கொடுத்தால் போதும்.

மூன்றாவது, சுகாதாரம். “சுத்தம் பேணப்படும்” என்று எவரும் எழுதலாம். செய்யும் முறையை எழுதினால்தான் அது சாட்சியாகும். அந்த யுவதி திருத்தி எழுதியது இது:

“ஒவ்வொருவருக்கும் முன்னர் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவேன். புருவத்துக்குப் புதிய நூல் எடுப்பேன். நூலை வாயில் கடிக்காமல் கழுத்தில் கட்டிக்கொள்வேன். பிளேட் ஒருவருக்கு ஒன்று. வக்ஸ் பூசிய குச்சியை மீண்டும் பாத்திரத்தில் இடமாட்டேன். துவாய் ஒருவருக்கு ஒன்று. முடிச்சாயத்துக்கு 48 மணித்தியாலம் முன்னர் காதின் பின்புறம் சிறிது பூசிப் பார்ப்பேன்.”

கருவிகளைப் பற்றியும் ஒரு வரி தேவை. சீப்பையும் பிளாஸ்ரிக் கருவிகளையும் முதலில் சவர்க்கார நீரில் தேய்த்துக் கழுவவேண்டும். அழுக்கு ஒட்டியிருந்தால் கிருமிநாசினி வேலை செய்யாது. பின்னர் 5 வீதக் குளோரீன் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, அதில் 10 நிமிடம் ஊறவிட்டு, அலசி உலர்த்தவேண்டும். கலவையை அன்றன்றே புதிதாகச் செய்யவேண்டும். குளோரீனில் கத்தரிக்கோல் துருப்பிடிக்கும். அதைக் கழுவி உலர்த்தியபின் 70 வீத ஸ்பிரிட்டால் துடைக்கலாம். வெட்டுக்காயத்தில் பட்ட இரத்தம் ஒரு கருவியில் தங்கினால், ஈரலைத் தாக்கும் பி வகை வைரசு அடுத்தவருக்குத் தொற்ற இடமுண்டு. அக்கருவியைத் துடைத்தால் மட்டும் போதாது.

நேர்முகத்துக்கு வருபவரை உரிமையாளர் பெரும்பாலும் ஒருவரின் புருவத்தைத் திருத்தச் சொல்வார். அவர் முதலில் கவனிப்பது புருவத்தின் வளைவை அல்ல. நூலைத் தொடுமுன் அந்தப் பெண் கை கழுவினாரா என்பதை. தாளில் எழுதியது கையில் பழகியிருந்தால் அங்கே தடுமாற்றம் இராது. ஆகவே செய்யாத எதையும் எழுதவேண்டாம்; எழுத விரும்புவதை இன்றே செய்யத் தொடங்கி, கொப்பியொன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.