உண்டியலுக்கு ஏன் இரண்டு பூட்டு? காசும் கணக்கும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும்?

திருவேற்காடு தேவி கருமாரியம்மன் கோயில் மாதிரி அறநிலையத்துறை கோயில்களில் உண்டியல் திறப்பைப் பார்த்திருப்பீங்க. சாவி ஒருத்தரிடம் மட்டும் இருக்காது. அதிகாரிகள் முன்னிலையில்தான் பூட்டு திறக்கும், எண்ணுவதும் பலர் கூடித்தான். இதற்கென்றே 1975-லேயே தனி விதிகள் வந்துவிட்டன. யார் மேலும் சந்தேகப்பட்டு இப்படிச் செய்வதில்லை. காசைத் தொடுபவரும் கணக்கை எழுதுபவரும் ஒருத்தராகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஆகிவிட்டால் என்ன நடக்கும்? ஒரு அபார்ட்மென்ட் சங்கத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மாதப் பராமரிப்பு 2,000 ரூபாய். வாங்குவது, ரசீது போடுவது, நோட்டில் ஏற்றுவது, பேங்கில் கட்டுவது எல்லாமே ஒரே காசாளர்.

3-ஆம் தேதி முதல் வீட்டுக்காரர் கொடுத்த 2,000-ஐ அவர் சொந்தச் செலவுக்கு எடுத்துக்கொள்கிறார். ரசீது மட்டும் ஒழுங்காகக் கொடுத்துவிடுகிறார். 20-ஆம் தேதி இரண்டாம் வீட்டுக்காரர் கட்டியதும், அந்தப் பணத்தை முதல் வீட்டின் பெயரில் ஏற்றுகிறார். 25-ஆம் தேதி மூன்றாம் வீட்டின் பணம் இரண்டாம் வீட்டின் கணக்குக்குப் போகிறது. நம்ம ஊர் பாஷையில் சொன்னால் ரொட்டேஷன். யாரோ ஒருத்தர் பெயரில் எப்போதும் 2,000 பாக்கி நிற்கும். ஆள்தான் மாறிக்கொண்டே இருப்பார்.

இதில் வேடிக்கை என்னன்னா, நோட்டையும் பாஸ்புக்கையும் ஒப்பிட்டால் கணக்கு சரியாகவே இருக்கும். நோட்டில் ஏறியது அத்தனையும் பேங்கிலும் ஏறியிருக்குமே! மாட்டுவது வேறு இடத்தில். ரசீது புத்தகத்தின் கார்பன் காப்பியில் 3-ஆம் தேதி, நோட்டில் 20-ஆம் தேதி. இந்த இடைவெளியைப் பார்க்கணும். இன்னொரு அறிகுறி, அந்தக் காசாளர் ஒருநாளும் லீவு போட மாட்டார். வேறு ஒருவர் உட்கார்ந்தால் சங்கிலி அறுந்துவிடும். அதனாலேயே பேங்குகளில் ஊழியருக்குக் கட்டாய லீவு கொடுக்கிறார்கள்.

பெரிய இடமும் தப்பவில்லை. லண்டனின் பேரிங்ஸ் வங்கிக்கு சிங்கப்பூரில் வியாபாரம் செய்த நிக் லீசன், அந்த வியாபாரத்தைச் சரிபார்க்கும் பிரிவையும் தானே கவனித்தார். நஷ்டத்தையெல்லாம் 88888 என்ற கணக்கில் ஒளித்துவைத்தார். 1995-ல் விஷயம் வெளியே வந்தபோது நஷ்டம் 80 கோடி பவுண்டுக்கு மேல். 1762-ல் தொடங்கிய வங்கி, கடைசியில் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது.

சின்ன சங்கத்துக்கு மூன்று ஆள் சம்பளம் கட்டுப்படியாகாதுதான். அதற்கு வழி இருக்கு. பணம் வாங்கி ரசீது போடுவது காசாளர், நோட்டு எழுதுவது செயலாளர். மாதம் ஒருமுறை கார்பன் காப்பி, நோட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்றையும் தேதிவாரியாகப் பார்ப்பது தலைவர். பாக்கிப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் இன்னும் நல்லது, கட்டியவரே வந்து சண்டை போடுவார். காசாளரும் செயலாளரும் கூட்டு சேர்ந்துவிட்டால் மட்டும் இந்த ஏற்பாடு பலிக்காது. ரசீதே போடாமல் வாங்கிய பணத்தையும் கார்பன் காப்பி காட்டாது, அதை அந்தப் பட்டியல்தான் காட்டும்.