63இல் விடுவதா, 65இல் விடுவதா?

எனக்கு வயது 62. 63இல் வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, செங்காங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தப் பேச்சு மறுபடியும் வந்தது. "விடுங்க, வேணாம்னு யார் சொன்னா? மாசம் எவ்வளவு செலவு பண்ணலாம்னு மட்டும் சொல்லிட்டு விடுங்க," என்றார் என் மனைவி.

பதில் சொல்ல முடியவில்லை. மகளின் பழைய பள்ளி நோட்டு ஒன்றை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

வீவக வீட்டின் கடன் முடிந்துவிட்டது. தேக்காவில் வாங்கும் காய்கறி, மளிகை, மின்சாரம், தண்ணீர், மருந்து, உறவினர் வீட்டு விசேஷங்கள் என்று எங்கள் இருவருக்கும் மாதம் 2,400 வெள்ளி ஆகிறது. 63 வயதில் கையில் 300,000 வெள்ளி சேமிப்பு இருக்கும். மசேநி லைஃப் திட்டத்திலிருந்து மாதம் 1,200 வெள்ளி வரும். ஆனால் அது 65 வயதில்தான் தொடங்கும்.

கணக்கு எளிதாக இருக்க இரண்டு விஷயங்களை வைத்துக்கொண்டேன். சேமிப்புக்குக் கிடைக்கும் வட்டியும் விலைவாசி உயர்வும் சமம். சேமிப்பு 90 வயதுவரை வரவேண்டும். மசேநி லைஃபில், தொடக்கத்தில் குறைவாகத் தந்து ஆண்டுதோறும் 2 விழுக்காடு உயரும் திட்டத்தையே எடுத்துக்கொண்டேன். தொகை மாறாத திட்டத்தில் இன்றைய 1,200 வெள்ளி இருபது ஆண்டுகளுக்குப் பிறகு இதே அளவு பொருளை வாங்காது.

பள்ளம் எங்கே?

63இல் விட்டால் முதல் 24 மாதங்களுக்கு மசேநி லைஃப் தொகை கிடையாது. 2,400 வெள்ளியும் சேமிப்பிலிருந்தே போகும். அது மட்டும் 57,600 வெள்ளி. 65க்குப் பிறகு மாதம் 1,200 வெள்ளி எடுத்தால் போதும். ஆனால் 300 மாதங்களுக்கு அது 360,000 வெள்ளி. மொத்தத் தேவை 417,600 வெள்ளி. என்னிடம் இருப்பதோ 300,000. 117,600 வெள்ளி குறைகிறது.

கையில் உள்ள பணத்துக்குள் வாழ்வதென்றால் மாதச் செலவு சுமார் 2,040 வெள்ளிக்குள் அடங்க வேண்டும். அந்த எண்ணைக் காட்டியதும் மனைவி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

அடுத்த பக்கத்தில் 65 என்று எழுதினேன். இப்போது மசேநி போக மாதம் 3,000 வெள்ளி கைக்கு வருகிறது. செலவு போக 600 மிஞ்சும். இரண்டு ஆண்டுகளில் 14,400 வெள்ளி சேரும். மசேநி சந்தாவில் ஒரு பகுதி ஓய்வுக் கணக்கில் சேருவதால், மாதத் தொகையும் சுமார் 50 வெள்ளி கூடி 1,250 ஆகும் என்று மதிப்பிட்டேன்.

65இல் நிற்கும்போது 2,400 வெள்ளிச் செலவுக்குத் தேவையான சேமிப்பு 345,000 வெள்ளி. கையில் 314,400 இருக்கும். குறை 30,600 வெள்ளி மட்டுமே. பாதுகாப்பாகச் செலவழிக்கக்கூடிய தொகையும் 2,040இலிருந்து சுமார் 2,300 வெள்ளிக்கு ஏறுகிறது.

குறை 87,000 வெள்ளி சுருங்கியிருக்கிறது. அதில் நான் கூடுதலாகச் சேமித்தது 14,400 வெள்ளிதான். மசேநி லைஃப் உயர்வு 25 ஆண்டுகளில் 15,000 வெள்ளி தருகிறது. மீதி 57,600 வெள்ளி, சேமிப்பில் கைவைக்காமல் விட்டதால் மிஞ்சியது. இரண்டு ஆண்டு கூடுதலாக உழைத்தால் நிறையச் சேர்க்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பெரிய லாபம் சேர்ப்பதில் இல்லை, எடுக்காமல் இருப்பதில் இருந்தது.

4 விழுக்காடு சொல்வது

அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994இல் ஒரு கணக்கை வெளியிட்டார். முதல் ஆண்டில் சேமிப்பில் ஏறக்குறைய 4 விழுக்காடு எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனால், 30 ஆண்டுகளுக்குப் பணம் தாங்கும் என்றார். அது அமெரிக்கப் பங்குகளையும் கடன்பத்திரங்களையும் வைத்துப் போட்ட கணக்கு. நமக்கு அப்படியே பொருந்தாவிட்டாலும் அளவுகோலாக உதவும்.

63இல் விட்டால் முதல் ஆண்டில் நான் எடுப்பது 28,800 வெள்ளி. அது 300,000இல் 9.6 விழுக்காடு. 65இல் விட்டு 2,300 வெள்ளிக்குள் வாழ்ந்தால் 4 விழுக்காடுதான்.

சேமிப்பில் ஒரு பங்கு முதலீட்டு நிதிகளில் இருந்தால் இந்த வித்தியாசம் இன்னும் முக்கியம். சந்தை சரிந்திருக்கும் நேரத்தில் செலவுக்காக விற்ற பங்குகள், சந்தை மீண்டும் ஏறும்போது நம் கையில் இருக்காது. சம்பளம் வரும்வரை விற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

முழுச் சம்பளம் வேண்டாம்

"ரெண்டு வருஷம் இதே மாதிரி ஓட முடியுமா? முட்டி வலின்னு ராத்திரி பூரா தூங்குறதில்ல," என்றார் மனைவி. நியாயமான கேள்வி.

2026 ஜூலை 1 முதல் சிங்கப்பூரில் ஓய்வு வயது 64, மறுவேலை நியமன வயது 69. 64க்குப் பிறகு, உடல்நலமும் வேலைத்திறனும் உள்ள தகுதியான ஊழியருக்கு நிறுவனம் மறுவேலை வாய்ப்பு வழங்க வேண்டும். ஆனால் பொறுப்பும் சம்பளமும் பழையபடியே இருக்கும் என்று உறுதியில்லை. இரண்டு ஆண்டுகளுக்கும் முழுச் சம்பளத்தை எழுதி வைப்பது ஆபத்து.

அதனால் மூன்றாவது பக்கம் எழுதினேன். 64வரை இப்போதுள்ள வேலை. கடைசி ஓராண்டு வாரத்தில் பாதி நாள்கள், கைக்கு 1,500 வெள்ளி. அந்த ஆண்டில் மாதம் 900 வெள்ளி சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டிவரும். முதல் ஆண்டில் மிஞ்சிய 7,200 வெள்ளியைக் கழித்தால், இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்துச் சேமிப்பு குறைவது 3,600 வெள்ளி மட்டுமே. பாதுகாப்பான மாதச் செலவு சுமார் 2,220 வெள்ளி. முழுநேரம் உழைப்பதைவிட 80 வெள்ளிதான் குறைவு.

இந்தக் கணக்கு 63க்கும் 65க்கும் இடைப்பட்ட பள்ளத்துக்கு மட்டுமே பொருந்தும். என் அடுக்குமாடி நண்பர் ஒருவருக்கு இப்போது 65 முடிகிறது. அவருக்குப் பள்ளம் இல்லை. 67வரை வேலை செய்து மசேநி லைஃபைத் தள்ளிப்போட்டால், தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் மாதத் தொகை 7 விழுக்காடுவரை கூடும். 70 வயதுவரை அப்படித் தள்ளலாம். வேலையையும் விட்டு மசேநி லைஃபையும் தள்ளிப்போட்டால், அவரே தமக்குப் பள்ளம் வெட்டிக்கொள்வார்.

எங்கள் கணக்கிலும் ஓட்டைகள் உண்டு. 90க்குப் பிறகும் நான் இருந்தால் மசேநி லைஃப் மட்டுமே துணை. எனக்கு முன்னதாக ஏதாவது ஆகிவிட்டால் அந்த மாதத் தொகை நின்றுவிடும். அதில் மீதப் பணம் இருந்தால் அது மனைவிக்குப் போகும்படி நியமனம் செய்திருக்கிறேன். அவருடைய சொந்த மசேநிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் நான் இதுவரை கேட்டதில்லை.

நோட்டை அவர் பக்கம் தள்ளினேன். மூன்றாவது பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டு, 2,220 என்ற எண்ணைப் பேனாவால் வட்டமிட்டார். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பி, மேலே தம் பெயரை எழுதினார்.