ஒரு பனைக் கட்டுரையின் மராமத்து

“பனை நமது மாநில மரமாகும். பனையிலிருந்து பதநீர், நுங்கு, கிழங்கு போன்றவை கிடைக்கின்றன. மேலும் பனை ஏறும் தொழிலாளர்கள் இன்று குறைந்துவிட்டனர். மேலும் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி தயாரிக்கிறார்கள். கருப்பட்டி உடலுக்கு நல்லது. மேலும் அக்காலத்தில் பனையோலையில்தான் நூல்கள் எழுதப்பட்டன. இவ்வாறு பனை பல வகைகளிலும் பயன் தரும் மரமாக விளங்குகிறது.”

கல்லூரி ஆண்டு மலருக்கு வந்த ஒரு கட்டுரையின் முதல் வரைவு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதில் எழுத்துப்பிழை இல்லை, தகவல் பிழையும் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியாக எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் படித்து முடித்தவரிடம் “என்ன சொல்ல வருகிறார்?” என்று கேட்டால், “பனையைப் பற்றி ஏதோ சொல்கிறார்” என்பதற்கு மேல் பதில் வராது. இந்த நோய்க்கு மருந்து வாக்கியத்தை மெருகேற்றுவது அல்ல. பலர் வரைவைத் திருத்த உட்கார்ந்ததும் சொல்லை மாற்றத் தொடங்குகிறார்கள். மறுநாள் நீக்கப்போகும் பத்திக்கு இன்று மெருகேற்றுவது வீண் வேலை.

அனுபவமுள்ள பதிப்பாசிரியர்கள் முதலில் பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதுவார்கள். ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில், அந்தப் பத்தி சொல்வது என்ன என்று ஒரே வரி. எழுதியவர் சொல்ல நினைத்ததை அல்ல, தாளில் உள்ளதை. நம் பனைக் கட்டுரையின் ஏழு பத்திகளுக்கும் அப்படி எழுதினால் வரிசை இவ்வாறு வரும்: பனையின் சிறப்பு, பனையின் பயன்கள், ஏறுபவர்கள் குறைந்துவிட்டார்கள், ஓலைச்சுவடியின் வரலாறு, கருப்பட்டி காய்ச்சும் முறை, மறுபடியும் பயன்கள், கூடவே ஏறுபவர்களின் சிரமம், பனையைக் காக்க வேண்டும்.

இந்த ஏழு வரிகளே கட்டுரையின் குறைகளைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. இரண்டாம் பத்தியும் ஆறாம் பத்தியின் பாதியும் ஒன்றே. ஏறுபவர்கள் ஏன் குறைந்தார்கள் என்பது புரிய வேண்டுமானால் கருப்பட்டிக்குப் பின்னால் உள்ள உழைப்பு முதலில் தெரிய வேண்டும்; அதுவோ இரண்டு பத்திகள் தள்ளிக் கிடக்கிறது. நடுவில் ஓலைச்சுவடி வந்து குறுக்கே படுத்திருக்கிறது. பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. அவற்றுள் ‘கூறியது கூறல்’, ‘மற்றொன்று விரித்தல்’ என்ற இரண்டும் இந்த ஏழு பத்திக்குள்ளேயே கிடைத்துவிட்டன.

பள்ளிக்கூடப் பழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. தமிழ்த் தேர்வில் கட்டுரை எழுதுபவர்கள் முன்னுரை, முடிவுரை, இடையில் அடிக்கோடிட்ட உட்தலைப்புகள் என்று எழுதிப் பழகியவர்கள். விடைத்தாள் திருத்துபவருக்கு அது வசதி. ஆனால் உட்தலைப்பு இருந்தால் ஒரு பத்தி அடுத்த பத்தியோடு பேச வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. ‘பனையின் பயன்கள்’ என்று தலைப்பிட்டுவிட்டால் அது ஏன் அந்த இடத்தில் வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. உட்தலைப்புகளை நீக்கிவிட்டுப் படித்தால்தான் பத்திகள் ஒன்றையொன்று தெரியாதவைபோல நிற்பது கண்ணில் படும்.

சரி, இந்தக் கட்டுரை எதைச் சொல்ல வேண்டும்? ஓர வரிகளைத் திரும்பப் பார்த்தால், எழுதியவருக்கு உண்மையில் சொல்ல ஏதோ இருக்கும் இடம் ஒன்றுதான்: மரம் ஏறுபவர்கள். அதைக் கட்டுரையின் முதுகெலும்பாக வைத்தால், ஒவ்வொரு பத்தியும் அதற்கு என்ன செய்கிறது என்று கேட்க முடியும். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத சுவடிப் பத்தி வெளியே போகிறது. அது நல்ல பத்திதான். ஆனாலும் போகத்தான் வேண்டும்.

அடுத்த வேலை தலைமை வாக்கியம். பத்தி எதைப் பற்றியது, அதைப் பற்றி என்ன சொல்லப்போகிறது என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லும் வாக்கியம் அது. “பனை ஓர் அற்புதமான மரம்” என்பது முதல் பாதியை மட்டுமே செய்கிறது. அதன்பின் எந்த வாக்கியம் வந்தாலும் பொருந்தும் என்பதே அதன் குறை. “கருப்பட்டி அரிதாவதற்கு மரம் குறைந்தது மட்டும் காரணமல்ல, மரம் ஏற ஆள் இல்லாததும் காரணம்” என்று தொடங்கினால் எழுதியவர் ஒரு கடனை ஏற்றுக்கொள்கிறார். இனி வரும் வாக்கியங்கள் அதை அடைத்தாக வேண்டும். “கருப்பட்டி உடலுக்கு நல்லது” என்ற வாக்கியம் தானாகவே அந்நியமாகிவிடும்.

பத்தியின் முதல் வாக்கியத்திலேயே பொருளைச் சொல்லிவிட வேண்டும் என்ற பாடத்தை ஆங்கிலக் கல்வி உலகில் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் பெயின். 1866-இல் வெளிவந்த அவருடைய பாடநூலிலிருந்து அது வகுப்பறைகளுக்குப் போனது. நூறாண்டுக்குப் பிறகு, 1974-இல், ரிச்சர்ட் பிராடக் என்ற அமெரிக்க ஆய்வாளர் கைதேர்ந்த எழுத்தாளர்களின் பத்திரிகைக் கட்டுரைகளை எடுத்துப் பத்தி பத்தியாகப் பார்த்தார். தலைமை வாக்கியத்தோடு தொடங்கிய பத்திகள் சுமார் 13 சதவீதமே என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அப்படியானால் விதி பொய்யா? அவசரப்பட வேண்டாம். முந்தைய பத்தியின் பேச்சே தொடரும்போதும், ஒரு சம்பவத்தைக் கதையாகச் சொல்லும்போதும் தலைமை வாக்கியம் தேவைப்படாது. ஆனால் வரைவு குழம்பிக் கிடக்கும்போது அது நல்ல சோதனைக் கருவி. பத்திகளின் முதல் வாக்கியங்களை மட்டும் வரிசையாகப் படித்துப் பார்த்தால் கட்டுரையின் சுருக்கம்போல ஒலிக்க வேண்டும். ஒலிக்காத இடத்தில் ஒன்று வாக்கியம் தவறு, அல்லது பத்தி இருக்கும் இடம் தவறு.

வரிசை சரியான பிறகே இணைப்புச் சொற்களுக்கு வர வேண்டும். மேலே கண்ட வரைவில் ஒரே பத்தியில் மூன்று ‘மேலும்’. இந்தச் சொல்லின் கவர்ச்சியே எந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவிலும் அது உட்காரும் என்பதுதான். காரணமா, முரணா, விளைவா, வெறும் கூட்டலா என்று எழுதியவர் முடிவுசெய்யாத இடங்களில்தான் அது அதிகம் முளைக்கிறது. கணினியில் எழுதுபவர்கள் ‘மேலும்’ என்று தேடி ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம். எடுத்துவிட்டுப் படித்தால் ஒன்றும் குறையவில்லையா? வேண்டாம். தடுக்குகிறதா? அங்கே உண்மையான உறவு என்ன என்று கண்டுபிடித்து எழுத வேண்டும்.

திருத்திய பத்தி ஒன்றைப் பார்ப்போம்.

“பாளையைச் சீவினால்தான் பதநீர் சுரக்கும். சீவிய வாய் காய்ந்துவிடும் என்பதால் பருவம் முழுக்க நாள்தோறும் காலையும் மாலையும் மரமேறிப் புதிதாகச் சீவ வேண்டும். இறக்கிய பதநீரும் காத்திருக்காது. புளிக்காமலிருக்கச் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பிடித்தாலும் அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும். இந்த இரண்டு அவசரங்களுக்கும் நடுவில்தான் பனையேறியின் குடும்பம் ஓடுகிறது. ஏறுபவர் ஒருவர் விலகினால் கீழே அடுப்பும் அணைந்துவிடும்.”

இதில் ஒரு ‘மேலும்’கூட இல்லை. தனியாக நிற்கும் இணைப்புச் சொல் என்று எதுவுமே இல்லை. இணைக்கும் வேலையை வேறு சிலவை பார்க்கின்றன. முதல் வாக்கியம் சீவுவதில் தொடங்கியது. இரண்டாவது, “சீவிய வாய்” என்று வாசகர் ஏற்கெனவே அறிந்ததைப் பிடித்துக்கொண்டு புதிய செய்திக்குப் போகிறது. “பதநீரும் காத்திருக்காது” என்பதில் உள்ள ‘உம்’, முன்பு சொன்ன அவசரத்தோடு இதையும் சேர்த்துவிடுகிறது. ஐந்தாம் வாக்கியத்தின் “இந்த இரண்டு அவசரங்கள்”, அதுவரை சொன்னதற்கு ஒரு பெயர் வைத்துக் கட்டுகிறது. வெறும் ‘இதனால்’ என்று எழுதியிருந்தால், எதனால் என்று வாசகர் திரும்பிப் பார்க்க நேரும். தமிழில் ‘உம்’, ‘தான்’, ‘ஓ’ போன்ற ஒட்டுகள் இருக்கின்றன. தெரிந்ததை வாக்கியத்தின் முன்னால் கொண்டுவரும் சுதந்திரமும் இருக்கிறது. இவை இருக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் ‘மேலும்’, ‘இருப்பினும்’, ‘எனவே’ என்று பாரம் ஏற்றுவது பெரும்பாலும் பாடநூல் நடையின் பழக்கம்.

கடைசியில் வெட்டு. இங்கே ஒரு தவறான புரிதல் உண்டு. ஒரே சொல் திரும்ப வருவதுதான் குறை என்று எண்ணி, பனையை அடுத்த வாக்கியத்தில் ‘கற்பகத் தரு’ என்றும், அதற்கடுத்ததில் ‘தாலம்’ என்றும், பிறகு ‘பெண்ணை’ என்றும் மாற்றிக்கொண்டே போவார்கள். நான்கு மரங்களைப் பற்றிப் படிக்கிறோமோ என்று வாசகர் தடுமாறுவார். பேசுபொருளின் பெயர் திரும்ப வரலாம், வர வேண்டும். வெட்ட வேண்டியது திரும்ப வரும் கருத்தை. அது வேறு உடை போட்டுக்கொண்டு வருவதால் சட்டென்று கண்ணில் படாது. “முக்கியமான மற்றும் இன்றியமையாத” என்ற ஜோடியில் ஒன்று போதும். “என்பது குறிப்பிடத்தக்கது” என்ற வாலை நறுக்கினால் வாக்கியத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. குறிப்பிடத்தக்கது என்பதால்தானே குறிப்பிட்டார்கள். மிக அதிகமாக அகப்படுவது பத்தியின் கடைசி வாக்கியத்தில். “இவ்வாறு பனை பல வகைகளிலும் பயன் தரும் மரமாக விளங்குகிறது” போன்ற வாக்கியங்கள் சொன்னதையே முடிச்சுப் போட்டுத் திரும்பத் தருகின்றன. ஒவ்வொரு பத்தியின் கடைசி வாக்கியத்தையும் விரலால் மூடிவிட்டுப் படித்துப் பார்ப்பது பலன் தரும். பல பத்திகள் அதற்கு முந்தைய வாக்கியத்திலேயே முடிந்திருக்கும்.

இத்தனையும் எழுதி முடித்த அன்றே செய்தால் பாதிதான் தெரியும். எழுதியவரின் மனம் தாளில் இல்லாத இணைப்பைத் தானே நிரப்பிக்கொண்டு படிக்கும். ஓரிரு நாள் விட்டுப் படிப்பதும், வாய்விட்டுப் படிப்பதும், ஓர வரி எழுதும் வேலையை இன்னொருவரிடம் கொடுப்பதும் அதற்குத்தான். தேர்வறையில் இந்த வசதி கிடையாது. குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் கட்டுரைத் தாளில் மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரைகள் எழுத வேண்டும். மொத்தம் 250 மதிப்பெண். அங்கே பத்திகளை இடம் மாற்ற வழியில்லை. அதனால் ஓர வரிகளை எழுதும் வேலையை முன்னுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்: முதலில் வரிகள், வரிசை சரியா என்ற சோதனை, பிறகே பத்தி.

பனைக் கட்டுரை இப்போது ஐந்து பத்திகளாகியிருக்கிறது. மிச்சம் இருப்பது, “எனவே பனையைக் காப்பது நம் ஒவ்வொருவரின் கடமை” என்ற முடிவுரை. எந்த மரத்துக்கும் எந்த ஆற்றுக்கும் பொருந்தும் இந்த வாக்கியம் மேலே உள்ள நான்கு பத்திகளிலிருந்து பிறக்கவில்லை. அதன் இடத்தில் வைக்க ஒரு செய்தி இருக்கிறது. பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. அந்த அனுமதி முறை மரத்தை நிறுத்திவைக்கும். அதில் ஏற ஆளைக் கொண்டுவராது. கடைசிப் பத்தியை இங்கிருந்து எழுதலாம்.