ஹால் சுவருக்கு வெளிர் நிறம்... ஹவுஸ் ஓனருக்கு ஒரு கடிதம்!

பகல் 11 மணிக்கு ட்யூப் லைட் எரியும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். சென்னை மடிப்பாக்கத்தில் என் சித்தி மகள் வாடகைக்கு இருக்கும் வீடும் அப்படித்தான் இருந்தது. ஹாலில் இரண்டு ஜன்னல்கள் உண்டு, வெளிச்சமும் வருகிறது. ஆனால் நான்கு சுவர்களிலும் அடர் மெரூன். படுக்கையறையில் பாசிப் பச்சை. வந்த வெளிச்சத்தையெல்லாம் சுவரே குடித்துவிடும். வெள்ளைக்குப் பக்கமான ஒரு வெளிர் நிறச் சுவர் தன் மேல் விழும் வெளிச்சத்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் திருப்பி அனுப்பும். அடர் மெரூனிடமிருந்து பத்தில் ஒரு பங்கு திரும்பி வந்தாலே அதிகம்.

அவள் மாமியாருக்குக் கண்புரை. ஹாலில் கிடக்கும் ஸ்டூல் தெரியாமல் இரண்டு முறை இடித்துக்கொண்டார். "அக்கா, சுவரை மாத்திட்டா போதும், ஓனர்கிட்ட போன்ல கேட்டுட்டு அடிச்சுடலாமா?" என்று கேட்டாள். கேட்டவள் தானே, "வேண்டாம், எழுதியே கேட்கிறேன்" என்றும் சொன்னாள்.

காரணம் இருந்தது. இதற்கு முன் இருந்த வீட்டிலும் ஓர் அறைக்கு நிறம் மாற்றினாள். அந்த ஓனர் போனில், "தாராளமா பண்ணிக்கோங்கம்மா" என்றார். மூன்று வருடம் கழித்துக் காலி செய்தபோது கணக்குப் பார்த்தவர் அவர் மகன். "அப்பா அப்படிச் சொன்னதா எனக்குத் தெரியாதே" என்றவர், வழக்கமான பெயின்டிங் பிடித்தத்தோடு, பழைய நிறத்துக்கு மாற்றும் செலவையும் அட்வான்ஸில் கழித்துக்கொண்டார். அப்பாவுக்கு அந்த போன் பேச்சே நினைவில்லை. அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் பேசிய ஒரு நிமிடப் பேச்சு யாருக்குத்தான் நினைவிருக்கும்?

எனவே இந்த முறை உட்கார்ந்து கடிதம் எழுதினோம். எழுதுவதற்கு முன் இரண்டு வேலைகள் செய்தோம். ஈரத் துணியால் சுவரை அழுத்தித் தேய்த்துப் பார்த்தோம். ஹாலில் துணி முழுக்க மெரூன் ஒட்டிக்கொண்டது. அப்படி வந்தால் அது டிஸ்டெம்பர். அதன் மேல் நேரடியாக எமல்ஷன் அடித்தால், அடியில் இருக்கும் சுண்ணப்பொடியோடு சேர்ந்து சில மாதங்களில் தோலாக உரியும். சுரண்டி எடுத்துத்தான் அடிக்க வேண்டும். படுக்கையறைப் பச்சையில் துணி சுத்தமாகவே வந்தது; அது எமல்ஷன், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும். பிறகு டேப் வைத்து அளந்தோம். ஹால் 16-க்கு 11 அடி, உயரம் 10. நான்கு சுவரின் நீளத்தையும் கூட்டினால் 54 அடி; அதை உயரத்தால் பெருக்கினால் 540 சதுர அடி. கதவு, ஜன்னல், ஷெல்ஃப் கழித்தால் 460. படுக்கையறையும் சேர்த்து மொத்தம் 830 சதுர அடி வந்தது.

அவள் எழுதிய கடிதம் இது:

"மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் வீட்டின் முதல் மாடியில் எட்டு மாதங்களாகக் குடியிருக்கிறோம். ஹால் சுவர்கள் அடர் நிறத்தில் இருப்பதால் பகலிலும் விளக்கு போட வேண்டியிருக்கிறது. கண்புரை உள்ள என் மாமியார் நடமாடச் சிரமப்படுகிறார். எனவே ஹாலையும் படுக்கையறையையும் வெளிர் சந்தன நிறத்தில் அடித்துக்கொள்ளத் தங்கள் அனுமதி வேண்டும். நிற அட்டையின் துண்டை இத்துடன் ஒட்டியிருக்கிறேன். தங்களுக்கு வேறு வெளிர் நிறம் விருப்பம் என்றால் அதையே அடிக்கிறோம்.

கதவு, ஜன்னல், சீலிங், சமையலறை, பூஜை அறை எதையும் தொட மாட்டோம். ஹாலில் பழைய டிஸ்டெம்பரைச் சுரண்டி எடுத்து, இரண்டு அறைகளிலும் பிரைமர் ஒரு கோட், கழுவக்கூடிய எமல்ஷன் இரண்டு கோட் அடிக்கப்படும். பொருள், கூலி இரண்டும் எங்கள் செலவு. வாடகையில் கழிக்கக் கேட்க மாட்டோம்.

நாங்கள் காலி செய்யும்போது இந்த இரண்டு அறைகளையும் பழைய நிறத்துக்கு மாற்றித் தர வேண்டியதில்லை என்றும், இவற்றுக்காக அட்வான்ஸில் பெயின்டிங் செலவு பிடிக்கப்படாது என்றும் தாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டுகிறேன். ஆணி ஓட்டை, கிறுக்கல் போன்று எங்களால் ஏற்பட்ட சேதம் இருந்தால் சரிசெய்து தருவோம்.

படுக்கையறையில் பாத்ரூமை ஒட்டிய சுவர், முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறிப் பொரிந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் அடித்தால் பெயின்ட் நிற்காது என்று பெயின்டர் சொல்கிறார். தாங்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

சுவர்கள் இப்போது இருக்கும் நிலையைப் படம் எடுத்துத் தங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். சம்மதம் என்றால் இதன் நகலில் தேதியுடன் கையெழுத்திட்டுத் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு..."

கடிதத்தில் நிறம் பற்றி இருப்பது மூன்று வரிதான். மீதி எல்லாம் காலி செய்யப்போகும் நாளைப் பற்றியது. நம் ஊரில் பிரச்னை பெயின்ட் அடிக்கும்போது வருவதில்லை. அட்வான்ஸ் திரும்ப வாங்கும்போதுதான் வரும். 'பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை' என்று கழிப்பது பல வீடுகளில் எழுதாத வழக்கம். சில ஒப்பந்தங்களில் எழுதியே இருக்கும். நம் காசில் புதிதாக அடித்துவிட்டு, போகும்போது மறுபடியும் அதற்கே காசு கொடுப்பது என்ன நியாயம்? அதனால்தான் அந்த மூன்றாவது பத்தி.

எழுதும்போது என் தம்பி ஒரு யோசனை சொன்னான். "சட்டத்தையே குறிப்பிட்டு எழுதலாமே!" 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பதும் வீட்டு உரிமையாளர் பொறுப்பில்தான் இருக்கின்றன. குழாய் வாஷர் மாற்றுவது போன்ற சின்ன வேலைகள் குடியிருப்பவருக்கு. உண்மைதான். ஆனால் அது பராமரிப்பைப் பற்றியது. சுவர் நன்றாக இருக்கும்போது, நிறம் நமக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக ஓனர் தன் செலவில் மாற்றித் தர வேண்டும் என்று அதை வைத்துக் கேட்க முடியாது. அதோடு, அனுமதி கேட்கும் முதல் கடிதத்திலேயே சட்டத்தை நீட்டினால் வருகிற அனுமதியும் வராது என்பது என் கருத்து. ஓதச் சுவர் விஷயத்தில் மட்டும் அவள் தயங்காமல் கேட்டாள். அது வீட்டின் குறை. அதன் மேல் இவள் பெயின்ட் பூசி மூடினால், நாளைக்கு உரியும்போது, 'நீங்க அடிச்ச பெயின்ட்தான் சரியில்லை' என்று பழி இவள் மேல் வரும்.

ஓனர் தாம்பரத்தில் இருக்கிறார். ஓய்வுபெற்றவர். நேரில் போய்க் கொடுத்தோம். இரண்டு முறை படித்தார். "நிறம் மாத்துறதுல எனக்கு ஆட்சேபணை இல்லம்மா. ஆனா அந்த மெரூனை நான் ஆசைப்பட்டு அடிக்கல. முன்னாடி இருந்தவங்க வீட்டுல ரெண்டு பசங்க. வெள்ளைச் சுவர்ல எல்லாம் கை ரேகை. அழுக்கு தெரியக் கூடாதுன்னுதான் அடிச்சேன்" என்றார். அவர் பயம் நியாயமானது. வெளிர் சுவரில் ஸ்விட்ச் பக்கத்தில், சோபா தலை படும் இடத்தில் கறை உடனே தெரியும். கழுவக்கூடிய எமல்ஷன் என்று கடிதத்தில் எழுதியிருந்தது அங்கேதான் கைகொடுத்தது.

இன்னொரு சந்தேகமும் கேட்டார். "அடிச்ச ஆறு மாசத்துல காலி பண்ணிட்டுப் போயிட்டா? அடுத்து வர்றவங்க வேற நிறம் கேட்பாங்களே?" பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு வருடத்துக்குள் காலி செய்தால் பெயின்டிங்குக்காக அரை மாத வாடகை. அதற்கு மேல் இருந்தால் எதுவும் இல்லை. அதைக் கடித நகலின் அடியில் தன் கையாலேயே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். பாத்ரூம் குழாயைத் தன் செலவில் பார்ப்பதாகவும் ஒரு வரி சேர்த்தார். கொஞ்சம் விட்டுக்கொடுத்த மாதிரி இருந்தாலும், மகனோ மருமகனோ யார் வந்து கணக்குப் பார்த்தாலும் இப்போது காட்ட ஒரு காகிதம் இருக்கிறது.

பெயின்டர் முதலில் 12,500 ரூபாய் சொன்னார். விசாரித்தால் அதில் பிரைமர் இல்லை. "நல்ல கம்பெனி பெயின்ட், ரெண்டு கோட்டே மூடிடும்" என்றார். அடர் நிறத்தின் மேல் வெளிர் நிறம் அடிக்கும்போது ஏமாறும் இடம் இதுதான். ஈரமாக இருக்கையில் மூடியது போலத் தெரியும். காய்ந்ததும் திட்டுத் திட்டாக மெரூன் எட்டிப் பார்க்கும். பிறகு மூன்றாவது கோட், நான்காவது கோட் என்று விலை அதிகமான பெயின்ட்டாகச் செலவாகும். அதைவிட விலை குறைந்த வெள்ளை பிரைமரை முதலில் ஒரு கோட் அடித்துவிடுவது லாபம். பிரைமரோடும் சுரண்டும் கூலியோடும் 16,000 ஆனது. எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 120 சதுர அடி என்று கணக்கு வைத்தால், 830-க்கு 7 லிட்டர். 4 லிட்டர் டப்பா இரண்டு வாங்கினோம். 10 லிட்டர் வேண்டும் என்று பெயின்டர் கேட்டபோது அளந்து வைத்த காகிதத்தைக் காட்டினாள். அதற்குப் பின் கேட்கவில்லை.

ஹால் வேலை நான்கு நாளில் முடிந்தது. படுக்கையறை அப்படி முடியவில்லை. பாத்ரூம் சுவருக்குள் குழாய் மூட்டில் கசிவு இருந்தது. ஓனர் ஆள் அனுப்பி மாற்றிக் கொடுத்தார். குழாய் மாற்றியதும் அடித்துவிடலாம் என்று நினைத்தோம், பெயின்டர் மறுத்துவிட்டார். பொரிந்த பூச்சைச் சுரண்டிவிட்டு, வெள்ளையாகப் பூத்திருந்த உப்பைப் பிரஷ்ஷால் தட்டி, மின்விசிறி ஓடவிட்டுக் காயவிடச் சொன்னார். ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டச் சொன்னார். மறுநாள் தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. ஈரம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். ஐந்து வாரம் கழித்து ஒட்டிய தாள் உலர்ந்தே இருந்தது. அதற்குப் பிறகுதான் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, சந்தன நிறம் ஏறியது. அதுவரை கட்டில் அறை நடுவிலேயே கிடந்தது.

மிச்சமிருந்த அரை லிட்டரை ஒரு சின்ன டப்பாவில் ஊற்றி இறுக மூடி, நிற எண்ணையும் அடித்த தேதியையும் மேலே எழுதிப் பரணில் வைத்திருக்கிறாள். ஸ்விட்ச் பக்கத்தில் ஒரு கறை போகாமல் நின்றால் தொட்டு வைக்க உதவும். கடித நகல் வாடகை ஒப்பந்தத்தோடு ஒரே கவரில் இருக்கிறது. அவள் மாமியார் இப்போது காலைச் செய்தித்தாளை ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு, தலைப்புகளை மட்டுமாவது லைட் போடாமல் படிக்கிறார். கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியாகிவிட்டது.