தீபாவளி காலையில் வங்கி எப்படிப் பேச வேண்டும்?

பெரிய வங்கிகளில் மொழிநடைக் கையேடு என்று ஒன்று இருக்கும். விளம்பரத்துறையில் ‘பிராண்ட் வாய்ஸ் கைடு’ என்பார்கள். குறுஞ்செய்தி, செயலி, கிளையின் அறிவிப்புப் பலகை என எங்கே எழுதினாலும் வங்கி எந்தக் குரலில் பேச வேண்டும் என்று அதில் எழுதி வைத்திருப்பார்கள். சிக்கலான நாளில் நிதானமாகவும் பண்டிகை நாளில் கலகலப்பாகவும் பேச வேண்டும் என்று இரண்டு பக்கங்களில் தனித்தனியே எழுதுவது எளிது. இரண்டும் ஒரே நாளில் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதில்தான் கையேட்டின் தரம் தெரியும்.

தீபாவளிக்கு முந்தைய நாள் காலை 9 மணி என்று வைத்துக்கொள்வோம். கடைவீதி நிரம்பி வழிகிறது. ஒரு வங்கியின் யுபிஐ நின்றுவிடுகிறது. ஜவுளிக்கடையில் நிற்கும் ஒருவரின் கணக்கில் 4,200 ரூபாய் கழிந்துவிட்டது. கடைக்காரருக்கு வந்து சேரவில்லை. அந்த நேரம் பார்த்து, போன வாரமே நேரம் குறித்துவைத்த வாழ்த்து அவர் போனில் வந்து விழுகிறது: “பட்டாசா ஷாப்பிங் பண்ணுங்க!” அந்த வரியில் தவறொன்றும் இல்லை. ஆனால் அவருக்கு அது கேலியாகத்தான் படும்.

ஆகவே கையேட்டின் முதல் விதி, வாழ்த்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதாக இருக்க வேண்டும். சேவை தடைபட்டதும் வரிசையில் நிற்கும் எல்லா விளம்பரச் செய்திகளையும் நிறுத்த ஒருவருக்கு உரிமை வேண்டும். அவர் பெயரும் கைப்பேசி எண்ணும் கையேட்டிலேயே இருக்க வேண்டும். மேலதிகாரியின் அனுமதிக்குக் காத்திருந்தால் வாழ்த்து முந்திக்கொள்ளும்.

அடுத்து, என்ன சொல்வது? “தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால் சேவையில் இடையூறு ஏற்பட்டுள்ளது. சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்பது வழக்கமான வாசகம். கடையில் நிற்பவருக்கு இதனால் பயன் இல்லை. என் பணம் எங்கே, மறுபடி அனுப்பலாமா, வேறு வழி இருக்கிறதா என்ற மூன்றும்தான் அவர் கேள்விகள். அதற்கு ஏற்ற செய்தி இப்படி இருக்கும்: “காலை 9 மணி முதல் எங்கள் யுபிஐ தடைபட்டுள்ளது. பணம் கழிந்தும் கடைக்குச் சேரவில்லை என்றால் 5 நாளுக்குள் தானாகத் திரும்பும். ஏடிஎம், கார்டு இயங்குகின்றன. அடுத்த தகவல் 11 மணிக்கு.” அந்த 5 நாள் வங்கியின் கருணை அல்ல. கடைக்குச் செலுத்திய யுபிஐ தொகைக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்த கெடு அது. தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். நிதானம் என்பது இதுதான். “கவலை வேண்டாம்” என்று சொல்லாமலே கவலையைக் குறைக்கிறது. சொன்னபடி 11 மணிக்கு, சரியாகாவிட்டாலும், தகவல் போயாக வேண்டும்.

இந்தச் செய்தியை அன்று காலை உட்கார்ந்து எழுதவும் முடியாது. டிராய் விதிப்படி, வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியின் வாசக மாதிரியைத் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பதிவோடு பொருந்தாதது தடுக்கப்படும். நேரத்துக்கும் சேவையின் பெயருக்கும் மட்டும் இடம் விட்டு, கெட்ட நாளுக்கான வாசகங்களை நல்ல நாளிலேயே எழுதிப் பதிந்து வைக்க வேண்டும். பல கையேடுகள் வாழ்த்துக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்துவிட்டு இதை விட்டுவிடுகின்றன.

பண்டிகைச் செய்திக்கு வருவோம். தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 இடம்தான்; ஆங்கிலத்துக்கு 160. ‘பொங்கல்’ பார்வைக்கு நான்கு எழுத்து, கணினிக் கணக்கில் ஏழு இடம். இதைத் தாண்டினால் இரண்டு செய்திக்கான கட்டணம். “இனிய பொங்கல். இன்று கிளைகள் விடுமுறை. யுபிஐ, ஏடிஎம் இயங்கும்.” இது 61 இடத்தில் அடங்கிவிடும். வாழ்த்தும் உண்டு, தேவையான தகவலும் உண்டு. கலகலப்புக்கு இவ்வளவு போதும் என்பேன். கடன் விளம்பரத்தை இதில் ஒட்டினால் வாழ்த்து கெட்டுவிடும்.

யாருக்கு வாழ்த்து போகக் கூடாது என்ற பட்டியலும் வேண்டும். இறந்தவர் கணக்கை முடிக்க விண்ணப்பித்திருக்கும் குடும்பம், மோசடிப் புகார் கொடுத்துக் காத்திருப்பவர், தவணை பாக்கிக்கு அந்த வாரம் நோட்டீஸ் பெற்றவர்: இவர்களுக்கு வங்கி மெளனமாக இருப்பதே மரியாதை.

நாள் எதுவானாலும் மாறக் கூடாதவை சில. எப்போதும் ‘நீங்கள்’தான், பண்டிகைக்காக ‘நீ’ ஆகிவிடக் கூடாது. தவறு வங்கியுடையது என்றால் ‘நாங்கள்’ என்று எழுத வேண்டும். வாழ்த்தில் எந்த லிங்க்கும் வேண்டாம், ஏனென்றால் திருடர்கள் முதலில் நகலெடுப்பது அதைத்தான்.

வங்கியின் பெயரில் பண்டிகைப் பரிசு என்று லிங்க்கோடு வாழ்த்து வந்தால் தொடாதீர்கள். தொட்டுப் பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். உங்கள் வங்கிக்கும் அன்றே புகார் கொடுங்கள்.